தைரொயிட் குறைவும் சோடியமும் இரத்தமும் இருதயத்தைச் சுற்றிய நீரும்: கிளினிக் வாங்கில் கேட்கிற கேள்விகள்

வன்னியில் மெடிக்கல் வார்ட்டிலும் கிளினிக்கிலும் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக நின்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ரிப்போர்ட் வந்தால் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தைரொயிட் குறைவு என்று தெரிந்தவர்களுக்குக் கழுத்தைப் பற்றியும் உடம்பு வைப்பதைப் பற்றியும் ஓரளவு தெரியும். சோடியம் குறைவு, இரத்தம் குறைவு, இருதயத்தைச் சுற்றி நீர் என்று மூன்று தாள் கையில் கிடைத்தால்தான் குழம்பிப் போவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே எழுதியிருக்கிறேன்.

தைரொயிட் கழுத்தில தானே இருக்கு. அதுக்கும் சோடியத்துக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

சுரப்பி கழுத்தில் இருந்தாலும் அது விடுகிற ஹோர்மோன் உடம்பு முழுக்கப் போகிறது. ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் எல்லாமே ஆறுதலாக ஓடத் தொடங்கும். இருதயம் மெதுவாகவும் பலம் குறைந்தும் அடிக்கும். சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் குறையும். எலும்பு மச்சை புது இரத்தம் செய்வதைக் குறைக்கும். கசிகிற நீரை வாரிக்கொண்டு போகிற நிணநீர்க் குழாய்களும் மந்தமாகும்.

உங்கள் கையில் இருக்கிற மூன்று தாளும் பெரும்பாலும் இந்த ஒரே மந்தத்தின் மூன்று முகம். அதனால்தான் டொக்டர் மூன்று மருந்து எழுதாமல், குறைந்த ஹோர்மோனுக்குப் பதிலாகத் தைரொக்சின் என்ற ஒரு சின்னக் குளிசையை மட்டும் எழுதித் தருகிறார். ஆனால் மூன்றும் ஒரே நாளில் திரும்பி வராது. அதைப் பற்றித்தான் கீழே கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

இது எல்லாம் ஒரே ஆளுக்கு வருமோ? நீங்க பாத்திருக்கிறீங்களோ?

வரும். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெரியம்மா ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வயது 58. சொல்லலாம் என்று அவரே விட்டுத் தந்தார். ஒரு வருடமாகவே அவருக்குக் களைப்பு. வைகாசி வெக்கையில், நாங்கள் விசிறி இல்லாமல் இருக்க ஏலாத நேரத்தில், அவர் போர்வை போர்த்திக்கொண்டு விறாந்தையில் இருப்பாராம். குரல் தடித்து, தொலைபேசியில் கேட்டால் ஆம்பிளைக் குரல் என்று மகளே சொன்னா. முகம் ஊதி, கண்ணிமை தொங்கி, மலம் நாலு நாளைக்கு ஒருக்கா. வயது போகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அதற்குள் ஓரிடத்தில் இரத்தம் குறைவு என்று இரும்புக் குளிசை கொடுத்திருந்தார்கள். இன்னோரிடத்தில் பிரஷர் பார்த்தபோது கீழ் எண் 100 இருந்ததால், சிறுநீர் கூடப் போகிற ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற பிரஷர் குளிசையைத் தொடங்கினார்கள். தைரொயிட் குறைந்தால் பிரஷரின் கீழ் எண் ஏறுவது வழக்கம். அது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டு மாதம் போக, ஒரு நாள் பின்னேரம் அவர் எழும்பி, செத்து எத்தனையோ வருடமான மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லிக் கயிறு தேடினார். அன்றிரவே வார்ட்டுக்கு வந்தார்.

சோடியம் 118. ஹீமோகுளோபின் 8.6. தைரொயிட் குறையக் குறைய ஏறுகிற ரி.எஸ்.எச். என்ற எண் 92. நாடி நிமிடத்துக்கு 50. எக்ஸ்றேயில் இருதயம் பெரிசு. எக்கோவில் இருதயத்துக்குப் பின்பக்கம் 18 மில்லிமீற்றர் தடிப்பில் நீர். ரி.எஸ்.எச். முடிவு வருவதற்கு முன்பே டொக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குதிக்கால் நரம்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று கீழே போனது, ஆனால் திரும்பி வர நேரமெடுத்தது, பாரமான கதவு தானாகச் சாத்துகிற மாதிரி. நான் அருகில் நின்று பார்த்தேன்.

சோடியம் குறைஞ்சிட்டுதெண்டா உப்பைக் கூடப் போட்டுச் சாப்பிட்டாச் சரிதானே? ஆனையிறவு உப்பு பக்கத்திலதானே கிடக்கு.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் வாய் வலிக்கப் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே உடம்பில் உப்பு தீர்ந்து போகவில்லை. தண்ணீர் தேங்கிவிட்டது. ஒரு சட்டி ரசத்தில் உப்பு அளவாக இருக்கிறது, அதற்குள் இரண்டு கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டால் சப்பென்று இருக்கும் அல்லவா? உப்பு அதே அளவுதான். பரிசோதனைக்கூடம் அளப்பது, ஒரு லீற்றரில் எவ்வளவு சோடியம் என்பதை.

தண்ணீர் ஏன் தேங்குகிறது என்றால், இருதயம் மெதுவாகத் தள்ளுவதால் உடம்பு தன்னிடம் இரத்தம் போதாது என்று நினைத்துக்கொள்கிறது. உடனே மூளையிலிருந்து, சிறுநீரைக் கட்டிப்பிடிக்கச் சொல்லும் ஹோர்மோன் ஒன்று சுரக்கும். சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தமும் குறைவு என்பதால், மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிற திறனும் குறைந்திருக்கும். குடிக்கிற தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். இதற்கு மருத்துவம் முதலில் தண்ணீரைக் குறைப்பது, பிறகு தைரொக்சின். உப்பை அள்ளிப் போட்டால் தாகம் கூடி இன்னும் தண்ணீர் குடிப்பீர்கள், பிரஷரும் ஏறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பில் அயடீன் இருக்கிறதே, அதைக் கூடச் சாப்பிட்டால் தைரொயிட் சரிவரும் என்று சிலர் சொல்வார்கள். இலங்கையில் 1995 இல் இருந்தே உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம். இப்போது நாங்கள் கிளினிக்கில் பார்க்கிற தைரொயிட் குறைவில் கூடுதலானது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே அரிப்பதால் வருவது. அதற்கு மேலதிக அயடீன் உதவாது, சிலருக்கு மோசமாக்கவும் செய்யும்.

வார்ட்டில தண்ணியைக் குறை எண்டினம். கிட்னி கிளினிக்கில தண்ணி நல்லாக் குடி எண்டினம். நான் எதைக் கேக்கிறது?

நியாயமான கேள்வி. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், வயலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படுகிறது. அது சரியான அறிவுரைதான். ஆனால் சோடியம் குறைந்து வார்ட்டில் இருக்கிறவருக்கு அந்த நாட்களில் அது பொருந்தாது. பெரியம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் என்று எழுதினார்கள். அதில் பிளேன்டீ, கஞ்சி, சொதி எல்லாம் அடங்கும். மகள் கட்டிலுக்கடியில் ஒரு லீற்றர் போத்தலை வைத்து, அதிலிருந்துதான் எல்லாவற்றையும் அளந்தா. சோடியம் 130 க்கு மேல் ஏறி, தைரொக்சினும் பிடித்த பிறகு அந்தக் கட்டுப்பாடு எடுபட்டது. வெயிலுக்குள் போகிறவர் மூன்று மாதத்துக்கு முந்திய துண்டைப் பார்த்துத் தொடர்ந்து தண்ணீரைக் கட்டக் கூடாது. எப்போது விடலாம் என்று கேட்டு, கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். தைரொயிட் நன்றாகக் குறைந்தால், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டுகிற கிரியாற்றினின் ஏறும். பெரியம்மாவுக்கு 1.5 இருந்தது. மகள் அழுதே போனா, கிட்னி போச்சு என்று. ஆறாம் மாதம் அது 0.9. வடிகட்ட இரத்தம் குறைவாக வந்ததால் ஏறிய எண், இரத்தம் வந்ததும் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இப்படி முழுக்க இறங்கும் என்றில்லை, உண்மையிலேயே சிறுநீரக நோய் இருப்பவர்களும் உண்டு. ஆனால் ரி.எஸ்.எச். 50, 60 என்று இருக்கும்போது எடுத்த கிரியாற்றினினை வைத்துச் சிறுநீரகத்தின் தலைவிதியை எழுத வேண்டாம்.

சோடியம் எவ்வளவுக்குக் கீழ போனாப் பயப்பிடோணும்? பிறகேன் கெதியா ஏத்தாம இழுத்தடிச்சவை?

சாதாரண அளவு 135 முதல் 145. 130 வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. 125 க்குக் கீழே தலையிடி, ஓங்காளம், தள்ளாட்டம், குழப்பம் வரலாம். வலிப்பு வந்தால், அல்லது எழுப்பினாலும் எழும்பாவிட்டால், எண்ணைப் பார்க்கத் தேவையில்லை, அது அவசரம். 1990 இலக்க அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் மட்டும் செறிவான உப்புச் சேலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக, கண்காணித்து ஏற்றுவார்கள். எண்ணை விட, எவ்வளவு கெதியாக இறங்கியது என்பதும் முக்கியம். மாதக் கணக்கில் இறங்கிய 120 இல் ஒருவர் வாங்கில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். இரண்டு நாளில் இறங்கிய 120 வலிப்பில் முடியும்.

மெதுவாக ஏற்றுவதற்கும் காரணம் இதுதான். மெல்ல இறங்கிய சோடியத்துக்கு மூளைக் கலங்கள் தங்களைப் பழக்கிக்கொண்டிருக்கும். சடாரென்று ஏற்றினால், சில நாள் கழித்து மூளைத் தண்டில் நரம்புறை சிதைந்து, பேச்சும் கைகாலும் போகலாம். அதனால் 24 மணித்தியாலத்தில் 8 அளவுக்கு மேல் ஏறாமல் பார்ப்பார்கள். பெரியம்மாவுக்கு அந்தப் பிரஷர் குளிசையை நிறுத்தியதும் சிறுநீர் வழியாகத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரத்தம் எடுத்தோம். ‘என்ரை மகள், இரத்தம் குறைவெண்டு சொல்லிப்போட்டு இருக்கிறதையும் எடுக்கிறியளே’ என்று ஏசினார். அந்த ஏச்சு எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் முதல் நாள் அவருக்கு வசனமே கோர்வையாக வரவில்லை. அடுத்த நாள் 124, மூன்றாம் நாள் 128, ஆறாம் நாள் 132. ஆறாம் கிழமை கிளினிக்கில் 138.

முதல் நாட்களில் ஏறியதில் பெரும் பங்கு, பிரஷர் குளிசையை நிறுத்தியதற்கும் தண்ணீரைக் குறைத்ததற்கும் போகும். தைரொக்சின் இரத்தத்தில் நிலைபெறவே ஐந்தாறு கிழமை வேண்டும். திரும்ப விழாமல் பிடித்து வைத்ததுதான் அதன் வேலை.

எனக்கு ரி.எஸ்.எச். 9 தான். சோடியம் 126. இதுவும் தைரொயிட்டாலயோ?

பெரும்பாலும் இல்லை. சோடியத்தை இவ்வளவு இறக்க தைரொயிட் மோசமாகக் குறைந்திருக்க வேண்டும். ரி.எஸ்.எச். ஒவ்வொரு 10 அலகு ஏறும்போதும் சோடியம் சராசரியாக 0.14 தான் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 9 என்பது ஒன்றுமே இல்லை. இலேசான தைரொயிட் குறைவின் மேல் பழியைப் போட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். மேலே சொன்ன பிரஷர் குளிசை, மனச்சோர்வுக்கான சில குளிசைகள், வலிப்புக்குக் கொடுக்கும் காபமசபீன் ஆகியவை சோடியத்தை இறக்கும். நெஞ்சில் ஏதும் நோய், இருதயமோ ஈரலோ பலவீனம், அட்ரினல் சுரப்பிக் குறைவு ஆகியவற்றையும் டொக்டர் பார்ப்பார். பெரியம்மாவுக்கே ரி.எஸ்.எச். 92 இருந்தும், அந்தக் குளிசை சேராமல் இருந்திருந்தால் 118 க்குப் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இரத்தம் குறைவெண்டு ஆறு மாசமா இரும்புக் குளிசை போடுறன். ஏறவேயில்லை. ஏன்?

உங்கள் ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கும், சிவப்புக் கலத்தின் பருமன். 80 க்கும் 100 க்கும் இடையில் இருந்தால் கலம் சாதாரண அளவு. தைரொயிட் குறைவால் மட்டும் வரும் இரத்தச்சோகை பெரும்பாலும் இந்த வகை. உடம்பு ஆறுதலாக ஓடும்போது அதற்கு ஒட்சிசன் தேவையும் குறைவு. தேவை குறைந்தால் சிறுநீரகம், இரத்தம் செய் என்று மச்சைக்கு அனுப்புகிற கட்டளையையும் குறைத்துவிடும். பெரியம்மாவின் எம்.சி.வி. 94, உடம்பில் இரும்பும் போதிய அளவு இருந்தது. கட்டளை போகாத ஆலைக்கு மூட்டை மூட்டையாக நெல்லை இறக்கி என்ன பயன்?

எம்.சி.வி. 80 க்குக் கீழே என்றால் கதை வேறு. தைரொயிட் குறைந்த பெண்களுக்கு மாதவிலக்கு கூடிப் போகும், வயிற்று அமிலமும் குறைந்து இரும்பு உறிஞ்சுவது குறையும். அவர்களுக்கு இரும்பு உண்மையாகவே தேவை. பரம்பரைத் தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் கலம் சின்னதாக இருக்கும், அவர்களுக்கு இரும்பால் பலன் வராது. 100 க்கு மேல் என்றால் தைரொயிட்டே காரணமாகலாம், அல்லது விற்றமின் பி-12 குறைவு. சுரப்பியை அரிக்கிற அதே எதிர்ப்புச் சக்தி சிலருக்கு இரைப்பையையும் அரித்து பி-12 ஐ உறிஞ்ச விடாமல் செய்யும். காலில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள். அதற்கு ஊசி இருக்கிறது, தைரொக்சின் அதைச் சரிசெய்யாது.

தைரொக்சின் தொடங்கி ஒரு மாசமாச்சு. சோடியம் சரி. ஹீமோகுளோபின் அசையவேயில்லை. மருந்து பிடிக்கேல்லையோ?

ஒரு மாதத்தில் பார்த்தால் பெரும்பாலும் அசைந்திருக்காது. ஒரு சிவப்புக் கலம் சுமார் 120 நாள் வாழும். மந்தமான காலத்தில் செய்த கலங்களே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் தைரொக்சின் அளவு கூடி நிலைபெற வேண்டும், பிறகு கட்டளை போக வேண்டும், பிறகுதான் புதுக் கலம் சேரும். மூன்றிலிருந்து ஆறு மாதம் கணக்கு வையுங்கள்.

பெரியம்மாவுக்கு எட்டாம் கிழமை 9.3, நாலாம் மாதம் 11.0, ஏழாம் மாதம் 12.1. ரி.எஸ்.எச். சரிக்கு வந்து மூன்று மாதமாகியும் ஏறாவிட்டால், அது வெறும் தைரொயிட் சோகை இல்லை. முந்திய பதிலில் சொன்ன இரும்பு, பி-12, தலசீமியாவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இரும்பு, கல்சியம், தைரொக்சின் எல்லாத்தையும் விடிய ஒரேயடியா விழுங்கலாமோ?

கூடாது. இரும்பும் கல்சியமும் குடலுக்குள் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு கூட்டக் கூட்ட ரி.எஸ்.எச். இறங்காமல் நிற்கிறவர்களில் பலரிடம் நான் கண்ட காரணம் இதுதான், உள்ளங்கையில் எல்லாவற்றையும் குவித்து ஒரு வாய் பால்தேத்தண்ணியோடு விழுங்குவது. தைரொக்சினை விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலமாவது போன பிறகு தேத்தண்ணி. இரும்பையும் கல்சியத்தையும் நாலு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். இரும்பைத் தேத்தண்ணியோடு போட்டால் அந்த இரும்பும் வீண்.

தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் கட்டில் மருந்துப் பையை வைக்கவும் வேண்டாம். தைரொக்சினுக்கு வெக்கையும் ஈரமும் ஆகாது. வீட்டில் குளிர்ச்சியான, இருட்டான மூலை எது என்று பாருங்கள்.

இருதயத்தைச் சுத்தித் தண்ணி எண்டா ஹார்ட் பெயிலியரோ? சலம் போற குளிசை தாறியளில்லை?

இரண்டும் வேறு. இருதயம் ஒரு மெல்லிய இரட்டைப் பைக்குள் இருக்கிறது. அந்தப் பைக்குள் எப்போதும் 50 மில்லிலீற்றருக்கு உட்பட்ட கொஞ்ச நீர் இருக்கும், உராயாமல் இருக்க. தைரொயிட் குறைந்தால் நுண்குழாய்களால் புரதம் கசியும், அதை வாரிப் போக வேண்டிய நிணநீரும் மந்தம், அதனால் அந்தப் பைக்குள் நீர் சேரும். முகமும் காலும் ஊதுவதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பெரியம்மாவின் காலை விரலால் அமத்திப் பார்த்தால் குழி விழவில்லை. இருதயப் பலவீனத்தில் வரும் வீக்கத்தில் குழி விழும்.

சிறுநீர் கூடப் போகிற குளிசை இந்த நீரை இழுக்காது. சோடியம் குறைந்தவருக்கு அது இன்னும் ஆபத்து, அதைத்தான் பெரியம்மாவின் கதையில் பார்த்தோம். எக்ஸ்றேயில் இருதயம் பெரிசாகத் தெரிவதும், ஈ.சி.ஜி.யில் கோடுகள் குட்டையாக இருப்பதும் இந்த நீரால் வரும். எக்கோதான் பைக்குள் நீரா, தசை பலவீனமா என்று பிரித்துச் சொல்லும்.

அப்ப ஊசி குத்தி எடுத்துவிடலாந்தானே? ஏன் வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்கினம்?

மெல்ல மெல்லச் சேர்கிற நீருக்கு அந்தப் பையும் மெல்ல மெல்ல விரிந்து கொடுக்கும். கத்திக்குத்து மாதிரி ஒன்றில் சடாரென்று 200 மில்லிலீற்றர் சேர்ந்தாலே இருதயம் நெரிபடலாம். தைரொயிட்டில் ஒரு லீற்றர் சேர்ந்தும் நடந்து வந்தவர்கள் உண்டு. ஊசி குத்துவதற்கே ஒரு ஆபத்து இருக்கிறது, குத்தி எடுத்தாலும் தைரொக்சின் இல்லாமல் திரும்பச் சேரும். அதனால் நெரிபடாத வரைக்கும் மருந்தைக் கொடுத்து எக்கோவில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முறை. பெரியம்மாவின் 18 மில்லிமீற்றர் மூன்றாம் மாதம் 9 ஆனது. ஏழாம் மாதம் ஒன்றுமில்லை. சிலருக்கு ஒரு வருடமும் எடுக்கும்.

ஊசி குத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. இருதயம் நெரிபடும்போது, அல்லது காய்ச்சல், மெலிவு, நெஞ்சுநோ என்று வேறு கதை தெரியும்போது. எங்கள் பக்கத்தில் காசநோய் இன்னும் இருக்கிறது, அதுவும் இதே பைக்குள் நீரைச் சேர்க்கும். ரி.எஸ்.எச். சரிவந்தும் நீர் குறையாமல் நின்றால் அந்த யோசனை கட்டாயம் வர வேண்டும். வீட்டில் கவனிக்க வேண்டியது: மல்லாந்து படுக்க ஏலாத மூச்சுமுட்டு, கழுத்து நரம்பு புடைப்பு, மயக்கம், கை சில்லிடுதல். இருதயம் நெரிபட்டால் நாடி பொதுவாக வேகமாக ஓடும், ஆனால் தைரொயிட் குறைந்தவருக்கு அப்போதும் வேகமெடுக்காமல் இருக்கலாம். நாடி 60 தானே என்று ஆறுதல் படாமல் உடனே கொண்டு போங்கள்.

இவ்வளவு மோசமெண்டா ஏன் 25 இல தொடங்கினவை? கூடக் குடுத்தா எல்லாம் கெதியாச் சரிவருமே.

இளம் வயதுக்காரருக்கு இருதய நோய் இல்லையென்றால், கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று முழு அளவையே தொடங்கலாம். வயது போனவருக்கும் இருதயத்தில் சந்தேகம் இருப்பவருக்கும் அப்படி முடியாது. ஒரு வருடமாக 50 இல் அடித்துக்கொண்டிருந்த இருதயத்தை ஒரே நாளில் ஓடச் சொன்னால், அதற்குப் போகிற குழாயில் அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி வரும், துடிப்புத் தாறுமாறாகும். 25 இல் தொடங்கி, நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருக்கா கூட்டுவார்கள். பெரியம்மா 58 கிலோ, கடைசியில் நின்றது 100 இல். ரி.எஸ்.எச். எட்டாம் கிழமை 41, நாலாம் மாதம் 12, ஏழாம் மாதம் 3.1. முழு மயக்கத்தில் வருகிற ஆளுக்கு மட்டும் தொடக்கத்திலேயே பெரிய அளவு, அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஊசி மருந்து இல்லாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் குளிசையைக் கரைத்துக் கொடுப்பார்கள்.

டொக்டர் ஏன் முதல் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி எல்லாத்தையும் கிண்டிக் கேட்டவர்?

கேட்டாரென்றால் நல்ல டொக்டர். தைரொயிட்டுக்குக் கட்டளை போடுவது மூளைக்கடியில் உள்ள பிற்றியூட்டரிச் சுரப்பி. பிள்ளைப்பேற்றில் இரத்தம் அளவுக்கு மீறிப் போனால் அந்தச் சுரப்பி பட்டுப்போகலாம். இடம்பெயர்வுக் காலத்தில் பங்கருக்குள்ளும் மரத்தடியிலும் பிள்ளை பெற்றவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொப்பியும் இல்லை, எவ்வளவு போனது என்ற கணக்கும் இல்லை. பிறகு பால் சுரந்ததா, மாதவிலக்கு திரும்பி வந்ததா என்று கேட்பது அதற்காகத்தான். கண்ணாடி விரியன் கடித்துத் தப்பியவர்களுக்கும் அந்தச் சுரப்பி கெட்டுப்போவதை மியன்மாரிலும் தென்னிந்தியாவிலும் நிறையக் கண்டிருக்கிறார்கள். எங்கள் வயலிலும் அதே பாம்புதான்.

இந்த வகையில் ரி.எஸ்.எச். ஏறாது, சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கும். அதை மட்டும் பார்த்தால் தைரொயிட் சரி என்று அனுப்பிவிடுவார்கள். கூடவே தைரொயிட் விடுகிற ஹோர்மோனான ரி-4 ஐயும் பார்க்க வேண்டும். அதை விடப் பெரிய சிக்கல், இவர்களுக்கு அட்ரினல் சுரப்பி விடுகிற கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் குறைந்திருக்கும். கோர்ட்டிசோல் குறைவும் சோடியத்தை இறக்கும், இரத்தத்தையும் குறைக்கும், ஆளைப் பார்த்தால் தைரொயிட் மாதிரியே இருக்கும். அந்த நிலையில் தைரொக்சினை முதலில் கொடுத்தால், மிச்சமிருக்கிற கோர்ட்டிசோலையும் உடம்பு வேகமாகச் செலவழித்து பிரஷர் விழுந்துவிடும். அதனால்தான் பெரியம்மாவுக்கு முதல் இரவே கோர்ட்டிசோலுக்கு இரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டோம். முடிவு சரியாக வந்தது, நிறுத்தினார்கள்.

எல்லா ரிப்போர்ட்டும் சரி எண்டிட்டினம். இனிக் குளிசையை விடலாமோ?

சுரப்பி அரிபட்டுப் போனவர்களுக்கு விட ஏலாது. ரிப்போர்ட் சரியானது குளிசையால். பிள்ளை பெற்ற பிறகு சில மாதத்துக்கு வருகிற குறைவும், சில மருந்துகளால் வருகிற குறைவும் தானாகத் திரும்பும், ஆனால் அதை முடிவு செய்வது கிளினிக்கில்.

பெரியம்மாவும் விட்டுப் பார்த்தவர்தான். பத்தாம் மாதம், அறுவடை நேரம், கிளினிக் தேதி தவறியது. உடம்பு நன்றாகத்தானே இருக்கு என்று இரண்டு மாதம் போடவில்லை. தைரொக்சின் ஒரு கிழமையில் பாதிதான் குறையும் என்பதால் முதல் இரண்டு கிழமை ஒன்றும் தெரியாது, அங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. திரும்ப வந்தபோது சோடியம் 136, எக்கோவும் சுத்தம், ஆனால் ரி.எஸ்.எச். 38. கண்டுபிடித்தது மகள். பெரியம்மா தொலைபேசியை எடுத்து ‘ஹலோ’ என்றதும், மறுபக்கத்தில் அப்பா கதைக்கிறார் என்று நினைத்தாவாம்.